யூட்டிலைசேஷன் கணக்கு: லீவு மணிகளை எங்கே கழிப்பது?

ஆலோசகர்களை வைத்து வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் முடிந்ததும் மேலாளர் கேட்கும் முதல் எண் யூட்டிலைசேஷன். ஒருவர் வேலை செய்யக் கிடைத்த மணிகளில், வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடிய வேலைக்கு எத்தனை மணி போனது என்பதை அது சதவீதமாகச் சொல்கிறது. கணக்கு என்று பார்த்தால் ஒரே ஒரு வகுத்தல்தான். ஆனால் ஒரே டைம்ஷீட்டை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் 56 என்பார், இன்னொருவர் 81 என்பார். இருவருமே கூட்டல் கழித்தலில் தவறியிருக்க மாட்டார்கள். லீவு மணிகளை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும்.

அதனால் ஒரு மாதத்தை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜனவரி, சென்னையில் ஒரு அலுவலகம். ஜனவரியை எடுத்ததற்குக் காரணம் பொங்கல். விடுமுறையும் லீவும் பின்னிக் கிடக்கும் மாதத்தில்தான் இந்தக் கணக்கு அதிகம் தடுக்கும்.

படி 1: மணிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பில்லபிள் மணி என்பது வாடிக்கையாளர் பணம் தரும் புராஜெக்டில் செய்த வேலை. நான்-பில்லபிள் மணி என்பது அலுவலகத்தில் இருந்து வேலையும் செய்து, யாருக்கும் பில் போட முடியாத நேரம்: பயிற்சி, உள் கூட்டம், புது வாடிக்கையாளரைப் பிடிக்கச் செய்யும் ப்ரீசேல்ஸ் வேலை, புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது எல்லாம் இதில் வரும். லீவு என்பது அந்த ஆள் தானே எடுத்த விடுப்பு. விடுமுறை என்பது அலுவலகமே மூடியிருக்கும் நாள். பேச்சில் நாம் லீவையும் விடுமுறையையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கணக்கில் அவற்றைத் தனித்தனியாக வைத்தாக வேண்டும். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, லீவை நான்-பில்லபிளில் சேர்ப்பது. "பில் போட முடியவில்லை, அதனால் நான்-பில்லபிள்" என்று தோன்றும். அப்படிச் சேர்த்தால், அக்காள் கல்யாணத்துக்கு மூன்று நாள் போனவரும், மூன்று நாள் புராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவரும் அறிக்கையில் ஒரே மாதிரி தெரிவார்கள். இரண்டாமவருக்கு வேலை தேடித் தர வேண்டியது மேலாளரின் பொறுப்பு. முதலாமவர் விஷயத்தில் செய்ய ஒன்றுமே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத எண்ணை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

படி 2: மாதத்தின் வேலை மணியைக் கண்டுபிடியுங்கள்

2025 ஜனவரியில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்கள் 23. நம் அலுவலகம் ஜனவரி 1, 14, 15, 16 ஆகிய நான்கு நாள் விடுமுறை விட்டது என்று வைத்துக்கொள்வோம். குடியரசு நாள் அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதைக் கழிக்கத் தேவையில்லை. மீதி 19 வேலை நாள். நாளுக்கு 8 மணி வீதம் 152 மணி.

அலுவலகத்தில் 9 மணி நேரம் இருந்தாலும் சாப்பாட்டு நேரம் போக எத்தனை என்று பாருங்கள். டைம்ஷீட்டில் எந்த அளவில் பதிகிறார்களோ அதே அளவுதான் இங்கேயும் வர வேண்டும்.

நாட்களை விரல் விட்டு எண்ண வேண்டாம். எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதற்கென்றே ஒரு ஃபார்முலா இருக்கிறது. விடுமுறைத் தேதிகளை K2 முதல் K5 வரை எழுதிவிட்டு இதைப் போடுங்கள்:

```
=NETWORKDAYS(DATE(2025,1,1),DATE(2025,1,31),$K$2:$K$5)*8
```

152 வர வேண்டும். 184 வந்தால், K நெடுவரிசையைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.

படி 3: ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள்

நம் குழுவில் ஒரு மூத்த ஆலோசகர். பொங்கலுக்கு ஊருக்குப் போக 13, 17 ஆகிய தேதிகளிலும், பிறகு 27ஆம் தேதியும் லீவு எடுத்தார். மொத்தம் 3 நாள், 24 மணி. பில்லபிள் 104 மணி, நான்-பில்லபிள் 24 மணி.

ஷீட்டில் B2-வில் 152, C2-வில் லீவு 24, D2-வில் பில்லபிள் 104, E2-வில் நான்-பில்லபிள் 24 என்று எழுதுங்கள். பிறகு:

```
F2: =B2-C2
G2: =F2-D2-E2
H2: =IF(F2>0,D2/F2,"")
```

F2 கிடைக்கும் மணி: 128. H2 யூட்டிலைசேஷன்: 104 ÷ 128, அதாவது 81.25 சதவீதம். G2-க்கு அடுத்த படியில் வருகிறேன்.

இதே 104 மணியை விடுமுறை, லீவு எதையும் கழிக்காத 184ஆல் வகுத்தால் 56.5 சதவீதம். விடுமுறையை மட்டும் கழித்த 152ஆல் வகுத்தால் 68.4. மூன்றுமே புழக்கத்தில் இருக்கும் முறைகள்தான். மாதத்துக்கு மாதம் ஆட்களின் வேலைப்பங்கீட்டைப் பார்க்க நான் லீவையும் கழித்த முறையையே வைத்துக்கொள்கிறேன். உரிமையுள்ள விடுப்பை எடுத்ததற்காக ஒருவரின் எண் சரியக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வருமானத்தைக் கணிக்கும் நிதிப் பிரிவுக்கு லீவைக் கழிக்காத எண் பயன்படும்; ஆள் லீவில் இருந்தாலும் சம்பளம் போய்க்கொண்டுதானே இருக்கிறது.

படி 4: G நெடுவரிசையைப் பாருங்கள்

பலர் இந்த நெடுவரிசையைப் போடுவதே இல்லை. என்னைக் கேட்டால் ஷீட்டிலேயே முக்கியமானது இதுதான். கிடைக்கும் மணியிலிருந்து பதிவான இரண்டு வகை மணியையும் கழித்தால் பூஜ்ஜியம் வர வேண்டும். 128 − 104 − 24 = 0. நம் மூத்த ஆலோசகரின் கணக்கு சரி.

G கூட்டல் எண்ணாக வந்தால் டைம்ஷீட்டில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் விடுபடுவது நான்-பில்லபிள்தான். பில் போடும் மணியை யாரும் மறக்க மாட்டார்கள், ஏனென்றால் கணக்குப் பிரிவு துரத்தும். உள் கூட்டத்தில் உட்கார்ந்த மணியை யாரும் கேட்பதில்லை. சில இடங்களில் கிடைக்கும் மணியைக் கணக்கிடாமல், பில்லபிளை "பில்லபிள் + நான்-பில்லபிள்" கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். டைம்ஷீட் முழுமையாக இருந்தால் அதுவும் 81.25 தான் தரும். ஆனால் நம் ஆலோசகர் 24-க்குப் பதிலாக 10 மணி நான்-பில்லபிள் மட்டும் எழுதியிருந்தால் 104 ÷ 114, 91.2 சதவீதம் என்று காட்டும். பதிவு செய்ய மறந்ததற்குப் பத்து சதவீதம் பரிசு கிடைத்த மாதிரி. கிடைக்கும் மணியால் வகுக்கும்போது விகிதம் மாறாது. G-யில் 14 என்று நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

G கழித்தல் எண்ணாக வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஆள் உண்மையிலேயே கூடுதல் நேரம் உழைத்திருக்கிறார். புது மென்பொருளை நேரலைக்குக் கொண்டுவரும் வாரத்தில் சனிக்கிழமையும் வந்திருப்பார். அந்த மணிகளை வெட்டி எறியாதீர்கள். விகிதம் 100ஐத் தாண்டினாலும் அப்படியே காட்டுங்கள். தொடர்ந்து தாண்டினால், குழுவில் இன்னொரு ஆள் தேவை என்று பொருள்.

இன்னொரு காரணம் விடுமுறையை இரண்டு முறை கழிப்பது. இதில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் லீவு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில் "13 முதல் 17 வரை" என்று இருந்ததை ஐந்து நாள் என்று எடுத்துக்கொண்டேன். இடையில் 14, 15, 16 மூன்றும் விடுமுறை என்பது உறைக்கவில்லை. நம் ஆலோசகருக்கு அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். லீவு 3 நாளுக்குப் பதில் 6 நாள், 48 மணி. கிடைக்கும் மணி 152 − 48 = 104. பில்லபிள் 104. யூட்டிலைசேஷன் மிகச் சரியாக 100 சதவீதம்! அழகான எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். G மட்டும் −24 என்று காட்டும். 24 மணி என்றால் மூன்று நாள். அந்த மூன்று நாளும் பொங்கல் விடுமுறை. G-யில் 8இன் மடங்காகக் கழித்தல் எண் வந்தால் முதலில் லீவுத் தேதிகளையும் K நெடுவரிசையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

படி 5: குழுவுக்கு

இன்னும் இருவரைச் சேர்ப்போம். இரண்டாமவர் லீவே எடுக்கவில்லை: கிடைத்தது 152, பில்லபிள் 112, விகிதம் 73.7. மூன்றாமவர் ஜனவரி 20 அன்று சேர்ந்த புதியவர். அவருக்கு முழு மாதத்தைப் போடக் கூடாது. NETWORKDAYS-இன் தொடக்கத் தேதியை ஜனவரி 20 என்று மாற்றினால் 10 நாள், 80 மணி வரும். பயிற்சியிலேயே பெரும் பகுதி போய், பில்லபிள் 20 மணி மட்டும்: 25 சதவீதம்.

இப்போது மூன்று சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கை பரபரக்கும். அது 60 என்று வரும், தவறு. பாதி மாதமே இருந்தவரின் எண்ணுக்கும் முழு மாதம் இருந்தவரின் எண்ணுக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டது. மணிகளைக் கூட்டிவிட்டு ஒரே முறை வகுக்க வேண்டும்:

```
=SUM(D2:D4)/SUM(F2:F4)
```

236 ÷ 360, அதாவது 65.6 சதவீதம்.

இலக்கோடு ஒப்பிடும் முன்

"நம் இலக்கு 75" என்று யாராவது சொன்னால், எதில் 75 என்று கேளுங்கள். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 40 மணி என்று 2080 மணியை அடிப்படையாக வைக்கும் நிறுவனங்கள் உண்டு. அதில் 75 சதவீதம் 1560 பில்லபிள் மணி. ஆண்டுக்கு 10 விடுமுறை, 18 நாள் லீவு என்று கொண்டால் கழிவது 224 மணி, உண்மையில் கிடைப்பது 1856. அதே 1560ஐ இந்த 1856ஆல் வகுத்தால் 84 சதவீதம். ஆக, நம் ஷீட்டில் 81.25 எடுத்த மூத்த ஆலோசகர், அந்த அடிப்படையில் வைத்த இலக்கை ஜனவரியில் தொடவில்லை. 75 என்ற இலக்கை நம் ஷீட்டின் அடிப்படையிலேயே வைத்திருந்தால் தாண்டிவிட்டார். அறிக்கையில் விகிதத்துக்குக் கீழே "கிடைக்கும் மணி = திங்கள் முதல் வெள்ளி வரையிலான மணி − விடுமுறை மணி − லீவு மணி" என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள்.