வேறு பிரிவுக்கு மாற விரும்பி, அந்தப் பிரிவின் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

இடமாற்றம் கேட்டு வேறொரு பிரிவின் மேலாளருக்கு அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுவதில்லை. உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர் நினைத்தால், உங்கள் வேலையைப் பற்றி இப்போதைய மேலாளரிடம்தான் விசாரிப்பார். சில வேளைகளில் நீங்கள் எழுதியதையே அவருக்கு அனுப்பியும் விடுவார். ஆகவே, இப்போதைய மேலாளர் படித்தாலும் உங்களுக்குச் சங்கடம் தராத வரிகளை மட்டுமே எழுதுங்கள்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் 2 ஆண்டுகளாக சப்ளையர் பில்களைச் சரிபார்த்துவரும் ஒருவர், பர்ச்சேஸ் பிரிவுக்கு மாற விரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: விதியைப் படித்தல்

இடமாற்ற விதியை ஹெச்.ஆர். பிரிவிடம் கேட்டுப் படியுங்கள். இப்போதைய பணியில் குறைந்தது எவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டும் என்பதையும், மேலாளருக்கு எப்போது தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதில் பாருங்கள். சில நிறுவனங்களில் விண்ணப்பிக்கும் முன்பே மேலாளரின் சம்மதம் வேண்டும். சிலவற்றில் தேர்வான பிறகு சொன்னால் போதும். முன்சம்மதம் கட்டாயமென்றால் அவரிடம் பேசிய பிறகே மின்னஞ்சல் எழுதுங்கள். விதி எதுவும் சொல்லாவிட்டாலும், அவரிடம் முதலில் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. மூன்றாமவர் வாயிலாக அறிந்தால்தான் மேலாளர்கள் அதிகம் வருந்துகிறார்கள்.

படி 2: எழுதுதல்

> பொருள்: பர்ச்சேஸ் அலுவலர் பணி குறித்துப் பேச 20 நிமிடம் வேண்டி
>
> வணக்கம் ஐயா,
>
> அக்கவுண்ட்ஸ் பிரிவில் 2 ஆண்டுகளாக சப்ளையர் பில்களைச் சரிபார்த்து வருகிறேன். பில், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிடும்போது விலையோ அளவோ ஒத்துவராத இடங்களை உங்கள் பிரிவினருடன் பேசித் தீர்த்திருக்கிறேன்.
>
> அலுவலக அறிவிப்பில் வந்துள்ள பர்ச்சேஸ் அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். சப்ளையர்களிடம் நேரடியாக விலை பேசிய அனுபவம் எனக்கு இல்லை. அந்தப் பணிக்கு நான் பொருத்தமானவனா என்பதை அறிய, உங்களுக்கு வசதியான நேரத்தில் சந்திக்க விரும்புகிறேன்.
>
> என் விருப்பத்தை என் மேலாளரிடம் தெரிவித்துவிட்டேன். மார்ச் 31 ஆண்டுக் கணக்கு முடிப்பு வரை என் இப்போதைய பொறுப்புகளைத் தொடர்வேன்.
>
> நன்றி.

இதில் வேலையைக் கேட்கவில்லை, சந்திப்பைத்தான் கேட்கிறோம். சந்திப்புக்கு அவர் தாமாகவே இசையலாம். வேலை தருவதென்றால் ஹெச்.ஆர். பிரிவையும் உங்கள் மேலாளரையும் கேட்காமல் அவரால் பதில் சொல்ல முடியாது.

மாற விரும்பும் காரணத்தைப் புதிய வேலையின் பக்கமிருந்தே சொல்லுங்கள். “அக்கவுண்ட்ஸில் வளர்ச்சி இல்லை” என்ற ஒரு வரி போதும், இரண்டு மேலாளர்களுக்கும் இடையில் நீங்கள் சிக்கிக்கொள்ள. சப்ளையர்களின் பெயர்களையும் தொகைகளையும் சாதனையாகக் காட்டாதீர்கள். அவை உங்கள் பிரிவின் தகவல்கள்.

மேலாளரைப் பற்றிய வரி உண்மையாகவே இருக்க வேண்டும். விதி இடம்கொடுத்து, நீங்களும் இன்னும் சொல்லாதிருந்தால், “என் மேலாளரிடம் இன்னும் பேசவில்லை, உங்களைச் சந்தித்தபின் நானே தெரிவிப்பேன். அதுவரை இதைப் பகிராமல் இருக்க வேண்டுகிறேன்” என்று எழுதுங்கள். இது வேண்டுகோள் மட்டுமே, அவரைக் கட்டுப்படுத்தாது. எனவே சந்திப்பு முடிந்த அன்றே உங்கள் மேலாளரிடம் பேசிவிடுங்கள்.

“மாறிய பிறகும் சில மாதங்கள் பழைய வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்” என்று பலர் நல்லெண்ணத்தில் எழுதுகிறார்கள். இந்த எடுத்துக்காட்டில் அது நடவாது. பர்ச்சேஸ் ஆர்டர் போடுபவரே அதற்கான பில்லையும் பதிவு செய்தால் போலி பில்லுக்கு வழி திறக்கும் என்பதால், இரண்டு அனுமதிகளையும் ஒருவரிடம் தரக் கூடாது என்பது கணக்குக் கட்டுப்பாட்டின் அடிப்படை. ஆகவே, மாறும் நாளுக்கு முன்பே பொறுப்புகளை ஒப்படைத்துவிடுவதாக எழுதுங்கள்.

படி 3: அனுப்புதல்

முகவரியைக் கடைசியில் இடுங்கள். இரண்டு எழுத்து தட்டியதும் மென்பொருள் நிரப்பும் பெயர் வேறொருவருடையதாக இருக்கலாம். உங்கள் மேலாளரிடம் கேட்காமல் அவரை சிசியில் சேர்க்காதீர்கள். பிசிசி வேண்டவே வேண்டாம். சந்திப்பு அழைப்பு வந்தால் அது உங்கள் காலெண்டரில் ஏறும், பல அலுவலகங்களில் அதை மேலாளர் பார்க்க முடியும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், அவுட்லுக்கில் அந்தச் சந்திப்பை Private என்று குறியுங்கள்.

படி 4: பதில் வந்த பிறகு

“உங்கள் மேலாளர் விடுவித்தால் எனக்குச் சம்மதம்” என்ற பதில் உறுதி ஆகாது. பில் நிலுவைப் பட்டியலை யாரிடம், எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பது என்று இப்போதைய மேலாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். பிறகு விடுவிப்புத் தேதியை இரண்டு மேலாளர்களும் ஹெச்.ஆர். பிரிவும் மின்னஞ்சலில் உறுதிசெய்யுமாறு கேளுங்கள். மார்ச் கடைசியிலோ தணிக்கையாளர்கள் வந்திருக்கும் வாரங்களிலோ அந்தத் தேதியைக் கேட்டால், அக்கவுண்ட்ஸ் மேலாளரால் இசைய முடியாது.