கூட்டுவட்டிக்கு ஒரு படம்: மூன்று நிறம், நான்கு ஸ்லைடு

டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஏதாவது ஒரு மண்டபத்தில் சேமிப்பைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தோடு தொடங்க வேண்டாம்.

முதல் ஸ்லைடில் ஒரே வரி: 10,000 ராண்ட், ஆண்டுக்கு 10% வட்டி, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு. 10% என்பது கணக்கு எளிதாக வர நாம் வைத்துக்கொண்டது, எந்த வங்கியும் தருவதாகச் சொன்னதல்ல. இதையும் கீழே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கேள்வியே அதுதான்.

இரண்டாவது ஸ்லைடில் இரண்டு ஆண்டுகள் மட்டும். முதல் ஆண்டு வட்டி 1,000. இரண்டாம் ஆண்டு 1,100. இதில் 1,000 அசலுக்கு வந்தது. மீதி 100, போன ஆண்டு வட்டிக்கு வந்த வட்டி. அந்த 100-ஐச் சிவப்பில் போடுங்கள். கடைசிவரை சிவப்பு இதற்கு மட்டும்தான்.

மூன்றாவதுதான் படம். பவர்பாயிண்டில் Insert > Chart > Stacked Column. திறக்கும் கட்டத்தில் முதல் பத்தியில் 0, 5, 10, 15, 20 என்று ஆண்டுகள். அடுத்ததில் ஒவ்வொரு வரிசையிலும் அசல் 10000. மற்ற இரண்டு பத்திகளுக்கு:

```
C2: =B2*10%*A2
D2: =B2*(1+10%)^A2-B2-C2
```

இரண்டையும் கீழே இழுத்து நிரப்புங்கள். C அசலுக்கான வட்டி, D வட்டிக்கு வட்டி. 1.1 என்று எழுதாததற்குக் காரணம் உண்டு: தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினி பெரும்பாலும் 1,1 என்று காற்புள்ளியைத்தான் எதிர்பார்க்கும். 10% என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. கட்டத்தில் முதலில் நான்கு வரிசைதான் இருக்கும். ஐந்தாவது படத்தில் வராவிட்டால் எல்லைக்கோட்டின் மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள்.

5-ஆம் ஆண்டில் சிவப்பு வெறும் 1,105. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. 10-இல் 5,937. 20-இல் 37,275, மொத்தம் 67,275-இல் பாதிக்கு மேல். ஐந்து ஆண்டோடு படத்தை நிறுத்தினால் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். அதற்காக ஆண்டுகளை 1, 2, 5, 20 என்று தாவவிடக் கூடாது. பட்டைகள் சம இடைவெளியில் நிற்பதால், வளர்ச்சி திடீரென்று பாய்ந்ததுபோல் பொய்யாகத் தெரியும். செங்குத்து அச்சும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும்.

அப்புறம் Animations > Wipe, Effect Options > By Series. அசல், அதன் வட்டி, கடைசியாகச் சிவப்பு என்று ஒவ்வொன்றாக ஏறும். சிவப்பு வருவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தி, 20-ஆம் ஆண்டில் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். தனிவட்டிக் கணக்கில் அப்போது திரையில் நிற்பது 30,000.

நான்காவது ஸ்லைடு, மாதா மாதம் வட்டி சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு. D2-இல் அடைப்புக்குள் (1+10%/12) என்றும், அடுக்கில் (A2*12) என்றும் மாற்றி, மறுபடி கீழே இழுத்து நிரப்பினால் போதும். 20-ஆம் ஆண்டு மொத்தம் சுமார் 73,281 ராண்டாகும்.