பூச்சிய வெக்டர் மட்டுமே கிடைத்தபோது

நேரியல் இயற்கணிதப் பயிற்சித்தாளில் A = [[4, −1], [2, 1]] என்ற அணியின் ஐகன் மதிப்புகளையும் ஐகன் வெக்டர்களையும் காணும் கணக்கு என்னை ஒரு மாலை முழுவதும் நிறுத்திவைத்தது. λ² − 5λ + 2 = 0 என்ற சிறப்பியல்புச் சமன்பாட்டிலிருந்து λ ≈ 4.56 என்று எடுத்து, A − λI அணியின் முதல் நிரையைத் தீர்த்தால் y = −0.56x என்றும், இரண்டாம் நிரையைத் தீர்த்தால் y = 0.56x என்றும் வந்தது. இரண்டும் பொருந்துவது x = y = 0 என்னும்போது மட்டுமே; பூச்சிய வெக்டரோ ஐகன் வெக்டர் ஆகாது.

வெக்டர் காணும் படியில்தான் பிழை என்று எண்ணி அதையே மூன்று முறை திரும்பச் செய்தேன். உண்மையில், λ சரியாக இருந்தால் A − λI-இன் அணிக்கோவை பூச்சியமாகும். ஆகவே ஒரு நிரை மற்றதன் மடங்காகவே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் λ-வே தவறு. மூலங்களின் கூடுதல் மூலைவிட்டக் கூடுதலான 5-க்குச் சமமாகவே இருந்ததால், அந்தச் சோதனை இப்பிழையைக் காட்டவில்லை.

அணிக்கோவையில் −(−1)(2) என்பதை −2 என எழுதியிருந்தேன், அது +2. திருத்தியதும் λ² − 5λ + 6 = 0, அதாவது λ = 2, 3. λ = 3 எனில் நிரைகள் (1, −1), (2, −2); வெக்டர் (1, 1). λ = 2 எனில் இரு நிரைகளுமே (2, −1); வெக்டர் (1, 2). இதை A-ஆல் பெருக்கினால் (2, 4), சரியாக இரு மடங்கு.