லோக் அதாலத்தில் கடனைப் பேசி முடிக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் செய்யக் கூடாத தவறுகள்

கடன் தவணை தவறி சில மாதங்கள் ஆனபின், வழக்குப் போடுவதற்கு முன்பே வங்கி சில கணக்குகளை மக்கள் நீதிமன்றத்துக்கு, அதாவது லோக் அதாலத்துக்கு அனுப்புவது வழக்கம். இதைத்தான் ‘ப்ரீ-லிட்டிகேஷன்’ என்பார்கள். தேசிய லோக் அதாலத் பெரும்பாலும் ஆண்டுக்கு நான்கு முறை, ஒரு சனிக்கிழமையில் நடக்கும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கடன் கணக்குகள் அங்கே பேசி முடிக்கப்படும். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நல்ல தள்ளுபடியும் கிடைக்கலாம். கடன் வாங்கியவருக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்புகளில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே போடும் கையெழுத்து எப்படிப்பட்டது என்று தெரியாமல் போடுகிறவர்கள் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோட்டீஸைப் பார்த்து மிரள்வதும், தூக்கிப் போடுவதும்

லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் சிலர் கைது வாரண்ட் வந்ததுபோல் பதறுகிறார்கள். சிலர் கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டுமே தவறு. சாதாரண மக்கள் நீதிமன்றத்துக்கு, இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாமல் எதையும் தீர்ப்பாகச் சொல்ல அதிகாரமில்லை. 2008-இல் ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. நீங்கள் போகாவிட்டால் உங்களுக்கு எதிராக அங்கே உத்தரவு வராது. கணக்கு வங்கிக்கே திரும்பும், அடுத்து வழக்கு வரும். அப்போது வழக்குச் செலவும் மேற்கொண்டு ஓடும் வட்டியும் கடனோடு சேர்ந்துகொள்ளும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துப் படியுங்கள். நோட்டீஸில் ‘நிரந்தர மக்கள் நீதிமன்றம்’ என்று இருந்தால் கதை வேறு. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்காக ஏற்பட்ட அந்த அமைப்பு, சமரசம் முறிந்தால் ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறில் தானே முடிவு சொல்லவும் முடியும். வங்கிச் சேவை அதன் வரம்பில் சேர்ந்துள்ள இடங்களில் கடன் தகராறும் அங்கே போகிறது. முதலில் சமரச முயற்சி நடந்தே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அங்கே போகாமல் இருப்பது ஆபத்து.

நோட்டீஸ் உண்மையானதுதானா என்பதையும் பாருங்கள். வசூல் ஏஜெண்டுகள் நீதிமன்ற முத்திரை போல ஏதோ ஒன்றை ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவதுண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எண்ணைக் காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். 15100 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லும் நோட்டீஸை நம்பவே வேண்டாம்.

அன்றைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருப்பது

சனிக்கிழமை காலை மேசைக்கு எதிரே உட்காரும் வங்கி அதிகாரிக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டிக் கேட்டால் அவர் மேலிடத்தில் கேட்க வேண்டும், அன்று அதற்கு நேரம் இருக்காது. அதனால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே கிளைக்குப் போய், என்ன தொகை, எத்தனை தவணை என்று எழுத்தில் கொடுத்து, மேலிட ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்வது நல்லது. வங்கி உங்களைக் கூப்பிடும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்களே சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்து, வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லலாம்.

அந்தக் கடிதத்தின் வாசகத்தில் கவனம் தேவை. அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போடும் காலம் பொதுவாக மூன்று ஆண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் ‘இவ்வளவு கடன் இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டினாலோ, அன்றிலிருந்து காலம் புதிதாக ஓடத் தொடங்கும். மிகப் பழைய கடனாக இருந்தால், எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த உதவி இலவசம்.

கணக்கு அறிக்கையையும் முன்னதாக வாங்கிவிடுங்கள். அசல், வட்டி, கட்டணங்கள் மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தவணை தவறியதற்கு ‘அபராத வட்டி’ போடுவதை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. 2024-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அது அபராதக் கட்டணமாக மட்டுமே இருக்கலாம், அதன்மேல் வட்டி ஏற்றக் கூடாது. அறிக்கையில் அப்படி ஏறியிருந்தால் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

கட்ட முடியாத தொகைக்கு ஒத்துக்கொள்வது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். லோக் அதாலத்தில் இருவரும் கையெழுத்திட்டதும் எழுதப்படும் அவார்டு, 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது போன்ற மிகக் குறுகிய காரணங்களுக்கு மட்டும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். ‘அப்போது அவசரத்தில் ஒத்துக்கொண்டேன், இப்போது முடியவில்லை’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதுவரை வழக்கே போடாமல் இருந்த வங்கி, இனி வழக்குப் போடத் தேவையே இல்லாமல் நேராக நிறைவேற்று மனு போட்டு, சொத்தையோ சம்பளத்தின் ஒரு பகுதியையோ ஜப்தி செய்யக் கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தையல் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அசல் பாக்கி 2,40,000 ரூபாய், வட்டி 68,000, கட்டணங்கள் 22,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,30,000. அதிகாரி, ‘2,20,000 கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்கிறார். ஒரு லட்சத்துக்கு மேல் தள்ளுபடி, மனம் குளிர்ந்துவிடும். அவர் கையில் இருப்பது 40,000. மீதி 1,80,000-ஐ ஐந்து மாதத்தில், மாதம் 36,000 வீதம் கட்டச் சொல்கிறார்கள். கடையில் எல்லாச் செலவும் போக மாதம் 17,000 மிஞ்சுகிறது. இரண்டு தவணையை எப்படியோ புரட்டிக் கட்டுவார், மூன்றாவதில் நின்றுவிடுவார்.

இப்போது அவார்டின் கடைசி வரியைப் பாருங்கள். ‘ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து, முழுத் தொகையும் உடனே வசூலிக்கப்படும்’ என்று பெரும்பாலும் இருக்கும். அவர் ஏற்கெனவே கட்டியது 40,000-மும் இரண்டு தவணையும் சேர்த்து 1,12,000. 3,30,000-இல் அதைக் கழித்தால் 2,18,000 இன்னும் பாக்கி, மேற்கொண்டு வட்டி வேறு. 1,12,000 கட்டிய பிறகும், அவார்டுப்படி ஒத்துக்கொண்ட மொத்தத் தொகைக்கு ஏறக்குறைய சமமான கடன் தலைமேல் நிற்கிறது. அதுவும் இப்போது தீர்ப்பாணையாக.

அதே மனிதர் தள்ளுபடியைப் பற்றி மட்டும் பேசாமல் தவணைக் காலத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அதே 2,20,000-தான், முன்பணம் 40,000, பிறகு மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு தவணை. மிச்சமாகும் 17,000-க்குள் அது அடங்கும். வங்கி நீண்ட தவணைக்குச் சம்மதிக்கவில்லை என்றால், தொகையில் 10,000 கூட்டிக் கொடுத்தாவது காலத்தை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. அதோடு, ஒரு தவணைக்கு 15 நாள் கூடுதல் அவகாசம், தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மட்டுமே சலுகை ரத்து, ஒழுங்காகக் கட்டும் வரை வட்டி ஏறாது ஆகிய மூன்றையும் அவார்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், அதற்குத் தண்டனை எதுவும் இல்லை.

ஜாமீன்தாரர் இருந்தால் அவரும் இந்தத் தீர்வில் சேர்ந்து விடுவிக்கப்படுகிறாரா, நீங்கள் வங்கியிடம் கொடுத்து வைத்த காசோலைகளைத் திருப்பித் தருவார்களா என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். காசோலை வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் அதன் எண்ணும் வர வேண்டும்.

ஏலம் நின்றுவிடும் என்று நம்புவது

வீட்டை அடமானம் வைத்த கடனில் இது பெரிய விபரீதமாகும். வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழி தரும் சர்ஃபாசி சட்டப்படி, பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால், லோக் அதாலத்தில் மனு போட்டிருக்கிறேன் என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. அந்த நோட்டீஸுக்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கைக்குப் பிறகு, கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம். சமரசம் ஒரு பக்கம் நடக்கட்டும், இந்த நாட்களைத் தவற விடாதீர்கள். நடவடிக்கையை நிறுத்தி வைப்பதாக வங்கி சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள்.

வியாபாரக் கடனில் இன்னொரு வழியும் உண்டு. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறில், அவசர நிவாரணம் கேட்காத வழக்கு என்றால், வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். இதற்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுதான் நோட்டீஸ் அனுப்பும். லோக் அதாலத்தின் ஒரு நாள் அவசரம் இங்கே இல்லை. மூன்று மாதம் வரை, இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம், சமரசர் முன் பல அமர்வு பேசலாம். இதைத் தவறவிட்டால் ‘தொடங்கவே இல்லை’ என்று அறிக்கை போய்விடும், வங்கி வழக்குப் போடும். வருமானம் ஏறி இறங்கும் தொழில்காரருக்கு லோக் அதாலத்தைவிட இது பொருந்தும்.

கடைசித் தவணை கட்டியதும் மறந்துவிடுவது

தானியங்கிப் பிடித்தம் நிற்காமல் பழைய தவணையே கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். அதை எழுத்தில் ரத்து செய்யச் சொல்லுங்கள். அப்புறம் நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். தள்ளுபடியோடு முடித்த கணக்கு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றுதான் வரும், முழுதாகக் கட்டி முடித்ததற்கான ‘குளோஸ்டு’ வராது. அது பிறகு புதுக் கடனுக்கு இடைஞ்சலாகும். அதே வங்கியிடம் விவசாயம் அல்லாத புதுக் கடன் கேட்க, 2023-இன் ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது 12 மாதம் பொறுக்க வேண்டும்.

சொத்துப் பத்திரம் வங்கியில் இருந்தால், கணக்கு முழுதாகத் தீர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் தவறால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம், அதனால் கடைசித் தவணைக்கான ரசீதைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.