காலியான சுருளின் கணக்கை நம்பாதீர்கள்: வெண்டிங் மெசின் நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வெண்டிங் மெசின் ரூட் எடுத்து ஓடத் தொடங்கும் பெடியள் இடைக்கிடை கணக்குக் கொப்பியோடு என்னிடம் வருவார்கள். விலையைப் பிழையாகப் போட்டது, கதவைச் சரியாகப் பூட்டாமல் வந்தது, பழைய சாமானைப் பின்னுக்குத் தள்ளிப் புதியதை முன்னுக்கு வைத்தது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரு தரம் பட்டால் தானாகத் திருந்திவிடும். திருந்தாமல் மாதக்கணக்கில் காசைத் தின்றுகொண்டிருக்கும் பிழை கொப்பியிலேயே இருக்கிறது. நானும் அந்த வழியால் வந்தவன்தான். ஆனாலும் அதை மற்றவர் கொப்பியில் பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது.

விற்றதையே தேவை என்று எழுதுவது

அண்மையில் ஒரு தம்பி காட்டிய கணக்கையே எடுப்போம். தனியார் மருத்துவ நிலையம் ஒன்றின் காத்திருப்பு மண்டபத்தில் அவருடைய மெசின் நிற்கிறது. இடம் ஏழு நாளும் திறந்திருக்கும். திங்கள் காலை நிரப்பினால் அடுத்த திங்கள் காலைதான் திரும்பப் போவார். சாமானை வரிசையாகப் பிடித்து ஒவ்வொன்றாக முன்னுக்குத் தள்ளும் கம்பியைத்தான் சுருள் என்கிறோம். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு சுருள், அதில் 8 பிடிக்கும். தோடம்பழச் சோடாவுக்கு ஒரு சுருள், அதிலும் 8. பிஸ்கட் சுருளில் 10.

ஒரு கிழமையில் தண்ணீர் 8, சோடா 7, பிஸ்கட் 5 விற்றிருந்தன. தண்ணீரும் சோடாவும் ஏறக்குறைய ஒரே வேகம், இரண்டும் நாளுக்கு ஒன்று சொச்சம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தண்ணீருக்கு இன்னொரு சுருள் கொடுக்கச் சொன்னேன். "அண்ணை, கிழமைக்கு எட்டுத்தானே போகுது, அதுக்கு ஏன் ரெண்டு சுருள்? சோடாவுக்குக் குடுத்தாலும் பரவாயில்லை" என்றார்.

அவருடைய மெசின் ஒவ்வொரு விற்பனையையும் நேரத்தோடு பதிந்து வைக்கும் வகை. அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தோம். கடைசித் தண்ணீர்ப் போத்தல் செவ்வாய் பின்னேரமே போய்விட்டது. 8 போத்தல் போக எடுத்தது இரண்டு நாள், ஏழு நாள் இல்லை. அப்படியென்றால் நாளுக்கு 4. புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாளும் அந்தச் சுருள் வெறுங் கம்பியாக நின்றிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் விலை ஒட்டி இருக்கிறது, விளக்கு எரிகிறது. வருகிறவர் இலக்கத்தை அமுக்குகிறார், திரையில் முடிந்துவிட்டது என்று வருகிறது, ஒரு தரம் யோசித்துவிட்டு வேறு இலக்கத்தை அமுக்குகிறார். இல்லாவிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கடைக்குப் போகிறார். அவர் அமுக்கிய முதல் இலக்கம் கொப்பியில் எங்கேயும் ஏறாது.

இனிச் சோடாவைப் பாருங்கள். விற்ற 7 சோடாவில் 6 செவ்வாய் பின்னேரத்துக்குப் பிறகு போனவை. தண்ணீர் இருந்த இரண்டு நாளில் போன சோடா ஒன்றுதான். அதாவது தண்ணீர் இல்லாத குறைக்குச் சிலர் சோடா குடித்திருக்கிறார்கள். அதை நம்பிச் சோடாவுக்கு இரண்டாவது சுருள் கொடுத்திருந்தால், தண்ணீர் ஒழுங்காக இருக்கும் கிழமையில் அது அசையாமல் நின்றிருக்கும். ஒரு சுருள் காலியானால் பொய்க் கணக்கு அதோடு நிற்காது, பக்கத்துச் சுருளின் கணக்கும் பொய்யாகிவிடும்.

நட்டத்தையும் பார்ப்போம். நாளுக்கு 4 என்றால் அந்த ஐந்து நாளில் 20 தண்ணீர் கேட்டிருப்பார்கள். அதில் நாலைந்து பேர் சோடாவுக்கு மாறியிருக்கலாம் என்று கழித்துவிடுங்கள், மிச்சம் 15 அளவில் கைவிட்டுப் போனது. ஒரு போத்தலில் 30 ரூபா மிஞ்சும் என்று வைத்தால் கிழமைக்கு 450 ரூபா. ஒரே ஒரு சுருளில். இப்படி ரூட்டில் எத்தனை சுருள் இருக்கும் என்று நீங்களே எண்ணுங்கள்.

இதில் என்னைக் கோபப்படுத்துவது, இந்தப் பிழை தன்னைத்தானே சரி என்று காட்டிக்கொள்ளும் விதம்தான். 8 விற்றது, அதனால் 8 போடுகிறோம். 8 போட்டதால் 8 விற்கிறது. ஒவ்வொரு கிழமையும் கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது, ஒரு போத்தலும் மிஞ்சவில்லை என்று சந்தோசம் வேறு.

ஆகவே நாளொன்றுக்கான வேகத்தைக் கணக்கிடும்போது, அந்தச் சாமான் சுருளில் இருந்த நாட்களால் வகுக்க வேண்டும். நீங்கள் போய்வந்த இடைவெளியால் வகுக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இரண்டு நாளில் 8 என்பது சின்னக் கணக்கு. உண்மை வேகம் 3 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம். கிளினிக் கூட்டம் திங்கட்கிழமையில் கூடவாகவும் இருக்கலாம். 4 என்று எடுத்துத் தொடங்கி, அடுத்தடுத்த கிழமைகளில் திருத்திக்கொண்டு போங்கள்.

உங்கள் மெசின் நேரத்தைப் பதியாத பழைய வகை என்றால் கொப்பியில் ஒரு அடையாளம் போதும். தட்டை வெளியே இழுத்ததும், நிரப்ப முதல், மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். பலர் போட்டதை மட்டும் எழுதுகிறார்கள், இருந்ததை எழுதுவதில்லை. மிச்சம் ஒன்றும் இல்லாவிட்டால் 8 என்று எழுதாமல் 8+ என்று எழுதுங்கள். குறைந்தது எட்டு, எவ்வளவு கூட என்று தெரியாது என்பதுதான் அதன் பொருள். கூட்டல் குறி போட்ட எண்ணை எந்தச் சராசரியிலும் சேர்க்காதீர்கள். அப்புறம் அந்தச் சாமானுக்கு இன்னொரு சுருள் கொடுங்கள், இல்லாவிட்டால் கிழமை நடுவில் அந்தப் பக்கத்தால் போகும்போது கண்ணாடியால் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். சுருளில் ஒன்றிரண்டு மிஞ்சிக் கிடக்கும் கிழமைதான் உண்மையான தேவையைச் சொல்லும்.

மொத்த விற்பனையைப் பார்த்து நாள் குறிப்பது

மெசின் இன்னும் பாதிக்கு மேல் நிரம்பித்தானே இருக்கிறது, ஏன் போவான் என்று கேட்பார்கள். பாதி நிரம்பியிருப்பது யாரும் வாங்காத பாதி. போகும் நாளைத் தீர்மானிப்பது ஓடுகிற சுருள்கள். ஒவ்வொரு சுருளும் எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள்: பிடிக்கும் அளவை நாள் வேகத்தால் வகுத்தால் சரி. அந்தத் தண்ணீர் 2 நாள் தாங்கும், பிஸ்கட் 14 நாள் தாங்கும்.

அதற்காக இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஓடத் தேவையில்லை. முதலில் சுருள்களை மாற்றுங்கள், அதன் பிறகு நாளை மாற்றுங்கள். பெற்றோலை விடச் சுருள் மலிவு.

அந்தத் தம்பியின் மெசினில் அசையாமல் கிடந்த இரண்டு சுருளைத் தண்ணீருக்கு மாற்றினோம். இப்போது தண்ணீர் மூன்று சுருள், மொத்தம் 24. திங்களும் வியாழனும் போவது என்று வைத்தோம். நீண்ட இடைவெளி வியாழன் முதல் திங்கள் வரை, 4 நாள். சராசரியாக 16 போகும். 16 போகும் என்று 16 போட்டால், ஏறக்குறைய இரண்டு தரத்துக்கு ஒரு தரம் நேரத்தோடு முடிந்துவிடும், ஏனென்றால் சராசரி என்பது நடு. மேலே எவ்வளவு வைப்பது என்பதற்கு நான் பிடிக்கும் குறுக்கு வழி, எதிர்பார்க்கும் விற்பனையின் வர்க்கமூலத்தை எடுப்பது. 16 இன் வர்க்கமூலம் 4. ஒரு மடங்கு கூட்டினால் 20, இரண்டு மடங்கு கூட்டினால் 24. 24 இருந்தால் முடிந்துபோவது மிக அரிது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கும் இடத்துக்குத்தான் இந்தக் கணக்குச் சரிவரும். ரியூட்டரி இடைவேளையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் மெசினுக்கு இது போதாது, அங்கே இன்னும் கூட வைக்கவேண்டும்.

கிழமைக்கு ஒரு தரம்தான் போக முடியும் என்றால் 28 போகும், வர்க்கமூலம் 5 சொச்சம். நாலு சுருளில் 32 வைத்தாலும் அவ்வப்போது முடியும். இந்த இடத்தில்தான் இரண்டாவது பயணத்தின் செலவையும் கைவிடும் இலாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். கோப்பாயில் தனியாக நிற்கும் மெசினுக்கு ஒரு முடிவு வரலாம், ஏற்கெனவே போகிற வழியில் நிற்கும் மெசினுக்கு வேறு முடிவு வரலாம்.

எல்லாச் சுருளையும் வாய் வரை நிரப்புவது

கிழமைக்கு 5 போகும் பிஸ்கட்டுக்கு, இரண்டு தரம் போகிற மெசினில், 6 போதும். சித்திரை வெயிலில் கரண்ட் போனால் சொக்லேட் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா நாளையும் ஒரே நாள் என்று நினைப்பது

ரியூட்டரிக்குச் சனி ஞாயிறு வேறு, அலுவலகத்துக்குச் சனி ஞாயிறு பூச்சியம். தனித்தனியாக எழுதுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளையும் வழமையான சராசரிக்குள் போடாதீர்கள். போட்டால் அதற்குப் பிறகு வரும் மாதம் முழுக்கச் சாமான் தேங்கும். திருவிழாக் காலத்தில் இன்னொரு சிக்கல், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குள் வாகனம் விடமாட்டார்கள். வானைத் தூர நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அந்த நாட்களில் ஒரு நடைக்கு எவ்வளவு கொண்டுபோக முடியும் என்பதுதான் கணக்கு, மெசினில் எவ்வளவு பிடிக்கும் என்பதில்லை. ஓடுகிற நாலு சாமானை மட்டும் கொண்டுபோங்கள், மற்றவை காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

மெசின் நின்ற நாளையும் சேர்த்து வகுப்பது

கரண்ட் இல்லாத நாள், சாமான் இல்லாத நாளுக்குச் சமம். வகுக்கும் எண்ணில் இருந்து கழியுங்கள்.

சில்லறைக் குழாயை மறப்பது

சாமான் நிறைய இருக்கிறது, ஒரு சுருளும் காலியில்லை, விற்பனை மட்டும் பாதியாக விழுந்திருக்கிறது என்றால் முதலில் சில்லறைக் குழாயைத் திறந்து பாருங்கள். மிச்சக் காசு கொடுக்கக் குழாயில் நாணயம் குறைந்தால் பல மெசின்கள் தாள் வாங்குவதை நிறுத்திவிடும், சரியான காசு போடச் சொல்லித் திரையில் காட்டும். கையில் நூறு ரூபாத் தாள் மட்டும் வைத்திருப்பவர் திரும்பிப் போய்விடுவார். அந்தக் கிழமையில் எல்லாச் சுருளும் மெதுவாக ஓடியதாகக் கொப்பி சொல்லும், அதைப் பார்த்து எல்லாவற்றையும் குறைத்துப் போடுவீர்கள். நான் 10 ரூபா நாணயத்தையும் ஒரு சாமானாகவே எழுதுகிறேன்: வரும்போது குழாயில் எத்தனை இருந்தது, எத்தனை போட்டேன். அடியில் ஒன்றிரண்டுதான் கிடந்தது என்றால் அந்தக் கிழமைக் கணக்கு முழுவதற்கும் ஒரு கூட்டல் குறி.