அவர் என்றால் எவர்? செய்தி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் செய்திப் பிரிவுக்கு வருபவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. எழுத்துப்பிழை, சந்திப்பிழை பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை அடுத்த மேசையில் இருப்பவரே பிடித்துவிடுவார். பிடிபடாமல் அச்சு வரை போய்விடுவது சுட்டுப்பெயர்ப் பிழைதான். அவர், அது, இது, அவர்கள் என்று எழுதுகிறோம். எழுதியவருக்கு அது யாரைக் குறிக்கிறது என்று தெரியும். படிப்பவருக்குத் தெரியாது.

பேச்சைச் சொல்லும்போது ‘அவர்’ போடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. ஒரு கூட்டுறவுச் சங்கக் கூட்டம் பற்றி ஒரு பயிற்சி நிருபர் இப்படி எழுதியிருந்தார்:

“தலைவர் செயலாளரிடம் பேசியபோது, அவர் பணத்தை எடுக்கவில்லை என்றும், அவருக்குத் தெரியாமல் அவருடைய கையெழுத்தை யாரோ போட்டிருக்கிறார்கள் என்றும் கூறினார்.”

இரவு நேர அவசரத்தில் அது அப்படியே அச்சாகிவிட்டது. கூட்டத்தில் தலைவர் சொன்னது தன்னைப் பற்றி. ஆனால் மறுநாள் செயலாளரின் ஆட்கள் அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு, “பாருங்கள், செயலாளர் பணத்தை எடுக்கவில்லை என்று தலைவரே சொல்லிவிட்டார்” என்று ஊரில் காட்டினார்கள். தலைவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். விளக்கம் வெளியிட்டோம். விளக்கத்தை எத்தனை பேர் படிப்பார்கள்?

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மூன்று ‘அவர்’ இருக்கிறது. ஒவ்வொன்றும் தலைவராகவும் இருக்கலாம், செயலாளராகவும் இருக்கலாம். அதைவிட மோசம், கடைசியில் வரும் ‘கூறினார்’. ‘தலைவர் பேசியபோது’ என்று தொடங்கியதால், பதிலுக்குச் செயலாளர் கூறினார் என்றும் படிக்க முடிகிறது. ஆக, யாரைப் பற்றிய பேச்சு என்பது மட்டுமல்ல, யார் பேசினார் என்பதும் தெரியவில்லை.

தமிழில் இதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது: ‘தான்’. ஒருவர் சொன்னதை ‘என்று’ போட்டோ ‘ஆக’ போட்டோ நம் நடையில் எழுதும்போது, உள்ளே வரும் ‘தான்’ பேசியவரைத்தான் குறிக்கும். ‘அவர்’ என்று போட்டால் பேசியவர் அல்லாத இன்னொருவர் என்றுதான் காது முதலில் எடுத்துக்கொள்ளும். “குமார் முருகனிடம் தான் ஜெயித்துவிட்டதாகச் சொன்னான்” என்றால் ஜெயித்தவன் குமார். ‘அவன் ஜெயித்துவிட்டதாக’ என்றால் முருகனோ வேறு யாரோ. பேசும்போது இதை நாம் யாரும் தவறவிடுவதில்லை. எழுத உட்கார்ந்ததும் போய்விடுகிறது. காரணம், நிருபர்கள் பாதி நேரம் ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சி செய்தியை மொழிபெயர்த்துப் பழகியவர்கள். அங்கே வரும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் கை தானாக ‘அவர்’ என்று தட்டிவிடுகிறது. கணவன் மனைவி வழக்கு என்றால் ஆங்கிலத்தில் குழப்பமே இல்லாத வாக்கியம்கூடத் தமிழில் குழம்பிப்போவது இதனால்தான்.

அந்தச் செய்தியை இப்படி எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை:

“தான் பணத்தை எடுக்கவில்லை என்றும், தனக்குத் தெரியாமல் தன்னுடைய கையெழுத்தை யாரோ போட்டிருக்கிறார்கள் என்றும் தலைவர், செயலாளரிடம் கூறினார்.”

‘பேசியபோது’ போய்விட்டது. ‘தலைவர்’ என்பது ‘கூறினார்’ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது மாற்றமும் முக்கியம். பேசியவர் யார் என்று தெரிந்தால்தான் ‘தான்’ வேலை செய்யும். மரியாதைக்குத் ‘தாம்’, ‘தமக்கு’ என்று போடும் பத்திரிகைகளும் உண்டு, வேலை ஒன்றுதான்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. “அவர் தான் பணம் வாங்கவில்லை என்றார்” என்று ஒரு பிரதி வந்தது. ‘அவர்தான்’ என்று அழுத்திச் சொல்கிறாரா, அல்லது ‘தான் வாங்கவில்லை’ என்று அவர் சொன்னாரா? அழுத்தத்துக்கு வரும் ‘தான்’ முந்தைய சொல்லோடு ஒட்டி வர வேண்டும். இந்தத் ‘தான்’ தனித்து நிற்க வேண்டும். ஆனால் இடைவெளியை நம்பி ஒரு குற்றச்சாட்டை எழுதக் கூடாது. “பணம் வாங்கவில்லை என்று அவர் மறுத்தார்” என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இரண்டு பேரும் ஏதாவது செய்யும் வாக்கியத்தில் ‘தான்’ கைவிட்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். “கமலா தன் பையைத் தொலைத்துவிட்டதாகச் சுமதி சொன்னாள்.” யார் பை? தொலைத்தவளும் ஒருத்தி, சொன்னவளும் ஒருத்தி. ‘தன்’ இருவருக்கும் பொருந்தும். இங்கே எந்தச் சுட்டும் உதவாது, ‘சுமதியின் பையை’ என்று பெயரைத்தான் எழுத வேண்டும். அல்லது மேற்கோள் குறி போட்டு, ‘என் பையை’ என்று பேசியவர் வாயாலேயே சொல்லவிட வேண்டும். சர்ச்சைக்குரிய பேச்சு என்றால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

பெயரைத் திரும்ப எழுதப் பயப்படுவது

‘ஒரே பெயர் மூன்று முறை வருகிறதே சார்’ என்பார்கள். வரட்டும். பள்ளியில் கட்டுரைக்கு ஆசிரியர் சொன்ன ‘கூறியது கூறல்’ மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று என்பது சரி. ஆனால் அதே பட்டியலில் ‘மயங்க வைத்தல்’ என்பதும் இருக்கிறது. பொருள் இதுவோ அதுவோ என்று படிப்பவரைத் தடுமாற வைப்பது. பெயரைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதற்காக அந்தக் குற்றத்தில் போய் விழுகிறார்கள். செய்தியில் பெயர் திரும்ப வருவது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. ‘முன்னவர்’, ‘பின்னவர்’ என்று எழுதுவதும் தீர்வு இல்லை. வாசகர் மேலே போய் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

‘இதற்கு’, ‘இதனால்’

“விடிய விடிய மழை பெய்ததில் ஏரிக்கரை உடைந்து நெல் வயல்கள் மூழ்கின. இதற்குப் பொதுப்பணித் துறையே காரணம் என்று விவசாயிகள் கூறினர்.”

எதற்கு? மழைக்குத் துறை காரணமாக முடியாது என்று நாமே கழித்துவிடுகிறோம். மிச்சம் இரண்டு. கரை உடைந்தது பராமரிப்பில் குறை. வயல் மூழ்கியது வடிகாலில் குறை. விவசாயிகள் எதைச் சொன்னார்கள் என்பதுதான் செய்தியே. அந்த நிருபரிடம் கேட்டபோது, அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. மறுபடி போன் போட்டுக் கேட்டார். வடிகாலைத்தான் சொல்லியிருந்தார்கள்.

‘இது’ தனியாக வந்தால் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: ‘இந்த உடைப்புக்கு’, ‘இந்தத் தேக்கத்துக்கு’. எந்தச் சொல்லை வைப்பது என்று கை நின்றால், தகவலே முழுதாகக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

லாரி பஸ் மீது மோதி ‘அது கவிழ்ந்தது’

எது கவிழ்ந்தது என்று எழுதுங்கள்.

பெயருக்கு முன்னே ‘அவர்’

முதல் பத்தியில் ‘அவர்’, மூன்றாவது பத்தியில் பெயர் என்று எழுதினால் சுவாரசியம் கூடும் என்று நினைக்கிறார்கள். பெயரும் சுட்டும் சேர்ந்து வந்தால் பெயர்தான் முன்னே வர வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. செய்தியில் அதை மீற எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

‘அவர்கள்’

“அமைச்சரும் ஆட்சியரும் விவசாயிகளைச் சந்தித்தனர். அவர்கள் கோரிக்கை மனு அளித்தனர்.” மனு அளித்தவர்கள் விவசாயிகள் என்று உலக அனுபவத்தால் ஊகிக்கிறோம். ‘அவர்கள் கோபத்துடன் வெளியேறினர்’ என்று இருந்தால் ஊகிக்க ஒன்றும் இல்லை. ‘விவசாயிகள்’ என்று எழுதுங்கள்.