அம்மாவின் குளியலறைக்குப் பிடிகம்பி: கை போகும் இடமும் சுவர் தாங்கும் பாரமும்

தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் என் அம்மா இருக்கிறார். வயது 74. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த கால்கள். இப்போது இடது முழங்கால் மடங்கினால் நிமிர மறுக்கிறது. வீட்டின் பின்னால் ஐந்தடிக்கு ஆறடியில் ஓர் அறை. ஒரு மூலையில் குந்தியிருக்கும் பழைய வகை மலசலகூடம், மறுமூலையில் குழாயும் வாளியும். சென்ற ஆண்டு அங்கே நான் பொருத்திய பிடிகம்பி, மூன்றாவது வாரத்தில் சுவருக்குள் செருகிய பிளக்கோடு சேர்ந்து அம்மாவின் கைக்கே வந்துவிட்டது. வாளியில் சாய்ந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அது தரமான கம்பிதான். சுவர்தான் அதைத் தாங்கவில்லை. இரண்டாம் முறை எப்படிச் செய்தேன் என்பதை, முதல் முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் கையைக் கவனியுங்கள்

அறையில் ஈரமில்லாத நேரத்தில், உடுத்த உடுப்போடு, அம்மாவை வழக்கம்போல் எல்லாம் செய்து காட்டச் சொன்னேன். கதவருகில் கால் வைப்பது, குந்துவது, எழுவது, முக்காலியில் அமர்ந்து குளிப்பது. கை எங்கெல்லாம் சுவரைத் தேடியதோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். எழும்போது அவருடைய வலக்கை பக்கச் சுவரை விரல்நுனியால் தடவிக்கொண்டே மேலேறியது. குளித்துவிட்டு எழும்போது அதே கை தொடையில் ஊன்றியது. அது போதாமல் குழாயைப் பற்றியது.

இந்த இரண்டு அசைவுகளும் இரண்டு விதமான கம்பியைக் கேட்கின்றன. உடலை மேலே இழுத்து எழுகிறவருக்குச் செங்குத்தான கம்பி வேண்டும். எழ எழக் கை மேலே மாறிப் பிடிக்க அது இடம்கொடுக்கும். கையை ஊன்றி, தள்ளி எழுகிறவருக்குப் படுக்கைவாட்டுக் கம்பி வேண்டும். ஈரக் கையால் செங்குத்துக் கம்பியில் ஊன்ற முயன்றால் கை வழுக்கிக் கீழே இறங்கிவிடும். எந்தக் கை பலமானதோ அந்தப் பக்கச் சுவரில்தான் கம்பி வர வேண்டும்.

2. உயரத்தை அவர் உடம்பிலேயே அளந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் அணுகல் விதிகள் படுக்கைவாட்டுக் கம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் வைக்கச் சொல்கின்றன. அது பொதுக் கட்டடங்களுக்கான அளவு. என் அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். 34 அங்குலத்தில் வைத்தால் அவர் தோளைத் தூக்கித்தான் ஊன்ற வேண்டியிருக்கும். அப்படி ஊன்றினால் கைக்குப் பலம் வராது.

ஆகவே வெறுங்காலோடு நேராக நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு மடியும் கோடு வரை தரையிலிருந்து அளந்தேன். 28 அங்குலம். நின்றபடி பிடிக்கும் கம்பிக்கு இதுவே சரியான உயரம். ஆனால் அம்மா முக்காலியிலிருந்தும் ஊன்றி எழ வேண்டும். அதற்கு இருக்கையிலிருந்து 8 முதல் 10 அங்குலம் மேலே கம்பி இருந்தால் வசதி. முக்காலியின் உயரம் 17 அங்குலம். ஒன்பதைக் கூட்டினால் 26. இரண்டுக்கும் நடுவாக 27 அங்குலத்தில் கோடு போட்டோம். மரச்சட்டம் ஒன்றை அந்த உயரத்தில் நான் பிடித்துக்கொள்ள, அம்மா நாலைந்து தடவை ஊன்றி எழுந்து பார்த்து, சரி என்றார்.

குந்தும் இடத்துக்குச் செங்குத்துக் கம்பி. அதன் கீழ்முனை தரையிலிருந்து 18 அங்குலம், மேல்முனை 48 அங்குலம். குந்தியிருக்கும்போது கை கீழ்ப்பாதியைப் பிடிக்கும், நிமிரும்போது மேல்பாதிக்கு மாறும். குந்தியிருக்கும் கால்விரல் நுனிக்கு 8 அங்குலம் முன்னால் அதை வைத்தோம். கம்பி உடம்புக்குப் பின்னால் இருந்தால் எழுகிறவரைப் பின்பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும்.

3. எந்தக் கம்பி

வெளிவிட்டம் 32 முதல் 38 மில்லிமீற்றர் வரை இருந்தால் முதியவரின் விரல்கள் அதைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும். வீட்டுக்கு வீடு இருக்கும் ஜி.ஐ. குழாயில் 'ஒரு அங்குலம்' என்று விற்பது வெளியே அளந்தால் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர் வரும், அளவு கச்சிதமானது. முக்கால் அங்குலக் குழாய் மெல்லியது. ஒன்றேகால் அங்குலக் குழாய் 42 வரை போய்விடும். சுருங்கிய கைக்கு அது பெரிது.

சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம் விடுங்கள். அதற்குக் குறைந்தால் விரல் முட்டும். கூடினால், வழுக்கும் வேளையில் முன்கை இடைவெளிக்குள் புகுந்து சிக்கி எலும்பு முறியக்கூடும்.

நம் மலைப்பக்க ஈரத்தில் கடையில் விற்கும் குரோம் முலாம் பூசிய இரும்புக் கம்பி நிலைக்காது. கம்பியைச் சுவரோடு இணைக்கும் தட்டின் ஓரத்தில் துரு தொடங்கித் திருகாணி வரை இறங்கும். 304 வகைத் துருப்பிடியா எஃகு எடுங்கள். பிடிக்கும் பகுதி சொரசொரப்பாக இருப்பது நல்லது. கம்பியில் துணி சுற்றாதீர்கள், ஈரத்தில் அது கொழகொழத்துவிடும். துவாய் போடும் கம்பி பிடிகம்பி ஆகாது. காற்றுறிஞ்சி ரப்பரால் ஒட்டும் கைப்பிடியில் உடல் பாரத்தை ஒருபோதும் நம்பி வைக்காதீர்கள். ஓடு ஈரமானால், அல்லது பூச்சுச் சுவரில் ஒட்டினால், அது சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும்.

4. சுவர்: நான் தவறிய இடம்

அதே அமெரிக்க விதி, கம்பியும் அதன் பொருத்தும் 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. அம்மாவின் எடை 52 கிலோதானே என்று நினைக்கக் கூடாது. வழுக்கும் உடம்பு கம்பியில் திடீரென்று தொங்கும்போது விழும் சுமை, அசையாமல் நிற்கும் எடையைவிட வெகுவாக ஏறும்.

சுவர் என்ன வகை என்பதை டிரில் சொல்லிவிடும். மறைவான இடத்தில் மெல்லிய ஊசியால் ஒரு துளை போடுங்கள். சிவப்புத் தூள் ஒரே சீராக வந்தால் செங்கல். சாம்பல் தூள் வந்து, பூச்சையும் கடந்து ஓர் அங்குலம் போனதும் டிரில் சட்டென்று உள்ளே விழுந்தால், உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல். எங்கள் வீட்டில் விழுந்தது. முதல் முறை அந்த உணர்வைப் பொருட்படுத்தாமல் பிளக்கைச் செருகிவிட்டேன். கல்லின் மெல்லிய முகப்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்த பிளக் எத்தனை நாள் தாங்கும்?

செங்கல் சுவரென்றால் வேலை எளிது. பூச்சும் ஓடும் சேர்ந்து ஒரு 30 மில்லிமீற்றர் வரும். அவை பாரம் தாங்காது. திருகாணி செங்கல்லுக்குள் மட்டும் குறைந்தது 50 மில்லிமீற்றர் போக வேண்டும். ஆகவே தட்டின் கனமும் சேர, 80 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளத் துருப்பிடியா எஃகுத் திருகாணி, அதற்கேற்ற நீளமான பிளக், தட்டுக்கு மூன்று வீதம். பழைய லயன் வீடுகளின் கருங்கல் சுவரில் துளை கல்லுக்குள் விழ வேண்டும். கற்களுக்கு இடையிலான சாந்தில் விழுந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பொந்துக் கல்லுக்கு நாங்கள் செய்தது இது. கம்பியின் தட்டு வரும் இடங்களில் மேசன் அண்ணன் கல்லின் உட்பக்க முகப்பைத் திறந்து, பொந்தைச் சீமெந்துக் கலவையால் இறுக நிரப்பி, மேலே பூசினார். ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். பிறகு 8 மில்லிமீற்றர் போல்ட்டுகள் சுவரை ஊடுருவி வெளியே போகும்படி துளையிட்டோம். வெளிப்பக்கம் நாலு அங்குலச் சதுரத்தில், 6 மில்லிமீற்றர் கனத்தில் இரும்புத் தகடு. வெல்டிங் பட்டறையில் கம்பியின் தட்டையே வைத்து அச்செடுத்து மூன்று துளை போட்டுத் தந்தார்கள். வாஷர், நட், அதன்மேல் இன்னொரு நட். தகட்டுக்குத் துரு தடுக்கும் பெயிண்ட்.

சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் அறை இருந்தால் இப்படி ஊடுருவ முடியாது. தகரச் சுவரென்றால் கேட்கவே வேண்டாம். அப்போது சுவரை மறந்துவிட்டுத் தரையில் ஊன்றுங்கள். ஒரு அங்குல ஜி.ஐ. குழாயைக் கவிழ்த்த 'ப' வடிவில் வளைத்து, இரண்டு கால்களின் அடியிலும் குறுக்குக் கம்பி பற்றவைத்து, ஒன்றரை அடி ஆழக் குழியில் கொங்கிரீட் போட்டு நிறுத்தலாம். ஒற்றைக் கால் நாட்டினால் ஆடும்.

5. துளையிடும்போது

குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். தண்ணீர்க் குழாயோ மின் வயரோ அங்கேதான் ஓடும். வீட்டு மின்சாரத்தின் தலைமைச் சுவிட்சை அணைத்துவிட்டு, பாட்டரி டிரிலால் வேலை செய்வது பத்திரம். ஓட்டுச் சுவரில் முதலில் ஓட்டுக்குரிய ஊசி, சுத்தியல் அதிர்வு இல்லாமல். ஓட்டைக் கடந்த பிறகுதான் அதிர்வைப் போட வேண்டும். துளைகளைச் சிலிக்கோனால் அடைத்துவிட்டுத் தட்டை இறுக்குங்கள். ஈரம் உள்ளே போகாது.

6. அம்மா தொடுவதற்கு முன்

தட்டைச் சுற்றிச் சுவரில் பென்சிலால் மெல்லிய கோடு வரைந்தேன். 76 கிலோ எடையுள்ள நான் முதலில் கீழ்நோக்கித் தொங்கினேன். பிறகு பாதத்தைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்தேன். தம்பி பின்னால் நின்று என்னைத் தாங்கிக்கொண்டான். பென்சில் கோட்டுக்கும் தட்டுக்கும் இடையில் மயிரிழை வெளி தெரிந்தாலும், பூச்சில் வெடிப்பு ஓடினாலும் கழற்றி மீண்டும் செய்ய வேண்டும். எங்கள் கோடு அப்படியே இருந்தது. மாதம் ஒருமுறை அதே கோட்டைப் பார்க்கிறேன்.

7. தரை

எங்கள் தரை வழவழப்பாகத் தேய்த்த சிவப்புச் சீமெந்து. சோப்பு நீரும் பாசியும் சேர்ந்தால் அதில் கோழிகூட நிற்காது. காற்றுறிஞ்சிக் குமிழ் வைத்த ரப்பர் விரிப்பு வழவழப்பான ஓட்டில்தான் பிடிக்கும். சொரசொரத் தரையில் அது மிதக்கும். சாக்கை விரிப்பது இன்னும் ஆபத்து, காலோடு சேர்ந்து நழுவும். ஒட்டும் வழுக்காப் பட்டையும் நிரந்தர ஈரத்தில் ஓரம் கிளம்பி, காலைத் தடுக்கும்.

ஆகவே பழைய தரையைக் கொத்திவிட்டு, ஒன்றுக்கு மூன்று விகிதத்தில் சீமெந்தும் மணலும் கலந்து ஓர் அங்குலக் கனத்தில் பூசினோம். அடிக்குக் கால் அங்குலம் வீதம் வடிகாலை நோக்கிச் சரிவு. கலவை இறுகத் தொடங்கியதும், நடக்கும் திசைக்குக் குறுக்காகத் தும்புத்தடியால் கோடு இழுத்தோம். அந்தக் கோடுகள் வெறுங்காலைப் பிடித்துக்கொள்கின்றன. பாசிக்கு வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறோம். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தை அதே வேளையில் ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து அம்மாவை மறுபடி எழுந்து காட்டச் சொன்னேன். குந்தும் இடத்தில் கம்பியைச் சரியாகப் பிடித்தார். குளிக்கும் மூலையிலோ கை பழையபடி குழாய்க்கே போயிற்று. "அங்கேதான் தம்பி கை போகிறது, நான் என்ன செய்ய?" என்றார். கம்பியை இடம் மாற்றத் தேவைப்படவில்லை. முக்காலியை ஓரடி நகர்த்தி, குழாயைக் கைக்கு எட்டாமல் வைத்தோம்.